எடிட்டர் முந்தியா, எடிட் முந்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் 'எடிட் என்ற வினையிலிருந்து பிறந்ததே எடிட்டர்' என்று ஒரு வரி. உங்கள் நாற்காலியின் பெயரிலேயே பிழை, அதற்கு உங்கள் பார்வையும் கிடைத்திருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை. எடிட்டர் லத்தீனிலிருந்து முழுதாக வந்த சொல். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. எடிட் என்ற வினை எழுத்தில் தென்படுவது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். டீச்சருக்குள் டீச் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், எடிட்டருக்குள்ளும் ஒரு வினை இருக்க வேண்டும் என்று எண்ணி வாலை நறுக்கிக்கொண்டார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான். எது முதலில் பதிவானது என்று ஆண்டு போட்ட அகராதியைப் புரட்டினால்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தியவன், புரட்டியிருக்கிறேன்.

பேபிசிட்டும் அப்படியே. பேபிசிட்டர் 1930களில் வந்தது, பேபிசிட் 1940களில். இதில் ஒரு துப்பு உண்டு: பெயர்ச்சொல்லை முன்னால் ஒட்டிப் புது வினை செய்வது ஆங்கிலத்துக்கு இயல்பான வழக்கம் இல்லை. டிரக் டிரைவர் உண்டு, டிரக்டிரைவ் என்று வினை கிடையாது. அப்படி ஒரு வினையைக் கண்டால் '-அர்' சேர்ந்த பெயர் முந்தியதா என்று சந்தேகப்பட வேண்டும். (மகள் வீட்டில் ஆறு மாதம் சம்பளமில்லாத பேபிசிட்டராக இருந்தபோது இதை யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.)

அப்புறம், அதே பக்கத்தில் ஜிம்மும் எக்ஸாமும் 'செல்போன் தலைமுறையின் சோம்பேறித்தனம்' என்ற கண்டுபிடிப்பு. இரண்டுமே 19ஆம் நூற்றாண்டுச் சொற்கள். ஜிம்னேசியம், எக்ஸாமினேஷன் என்று நீட்டி முழக்கப் பொறுமையில்லாதவர்கள் அன்றும் இருந்தார்கள். 1710இலேயே எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், கும்பலைக் குறிக்கும் 'மாப்' போன்ற வெட்டுச் சொற்களைத் திட்டி எழுதினார். அவரிடம் எந்தச் செல்போன் இருந்தது? பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ஓம்னிபஸ் என்றால் 'எல்லோருக்கும்'. அதில் தலையை வெட்டி, மிஞ்சிய வேற்றுமை உருபின் துண்டில்தான் நாம் ஏறிப் போகிறோம். நம் ஊரில் ஆம்னி பஸ் என்று தலையையும் வாலையும் தனித்தனிச் சொல்லாக்கியது வேறு கதை.

ஜிம்னேசியத்தை ஜிம் என்று வெட்டினாலும் பொருள் மாறவில்லை. இரண்டு வருடம் முன்பு என் கடிதத்தை நீங்கள் வெட்டியபோதோ நான் எதிர்த்ததை ஆதரிப்பதாக அச்சானது. அதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லி எழுதியதற்கு இன்றுவரை பதிலில்லை. சரி, போகட்டும்.

நான் கேட்பது அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் மட்டும். இந்தக் கடிதத்தில் எதையாவது எடுக்கத்தான் வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் உள்ளதை எடுத்துவிடுங்கள். என் மகளும் உங்கள் வாசகி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருநெல்வேலி