செல்வத்துக்கு அப்பா எழுதுறது

செல்வம்,

இனிமே மேட்ச் மேல பணம் கட்ட மாட்டேன்னு நேத்து கலாகிட்டயும் அம்மாகிட்டயும் நீ சொன்னப்ப நானும் பக்கத்துல தான் உக்காந்திருந்தேன். கேமராவுக்கு வரல, அவ்வளவுதான்.

எனக்கு முன்னாடியே சந்தேகம்டா. முதல்ல எல்லாம் சிங்கப்பூர்ல சம்பளம் போட்டவுடனே தேக்கா பக்கம் போய் மொத்தமா வீட்டுக்கு அனுப்பிடுவ. அப்புறம் பாதி இப்ப, மீதி திங்கக்கிழமன்னு ஆரம்பிச்ச. நடுவுல ஒரு சனி ஞாயிறு இருக்குல்ல. அந்த மீதி வராததுனால தான் கலா கம்மல் அடகுக்குப் போச்சு, அவ உன்கிட்ட சொல்லிருக்க மாட்டா.

நாம வியாசர்பாடி ஆளுங்க, பந்து நமக்கு தெரியும், அதான் உன்ன இழுத்துருக்கு. ஆனா உனக்கு தெரிஞ்சதெல்லாம் ரேட் போடுறவனுக்கும் தெரியும்டா, அதெல்லாம் பாத்துதான் ரேட்டே போடுறான். 10 டாலர் கட்டி மூணு மேட்ச் சேத்து 68 டாலர் அடிச்சேன்னு போட்டோ அனுப்புனியே, அத நான் பேப்பர்ல போட்டு பாத்தேன். ஒவ்வொரு மேட்ச்சும் சரிபாதி சான்ஸ், ரேட்டு 1.90, அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயிச்சா 1.90 டாலர் வரும், மூணு சேத்தா மூணு ரேட்டையும் பெருக்குவான். மூணும் சரியா வர்றது எட்டுல ஒரு தடவ தான் நடக்கும். அப்போ எட்டு தடவ கட்டினா 80 டாலர் போகுது, ஒரு தடவ அடிச்சு 68 வருது, மீதி 12 டாலர் கம்பெனிக்கு. ஒரே மேட்ச்னா நூத்துக்கு அஞ்சு எடுக்குறான், மூணு சேத்தா பதினாலுக்கு மேல போகுது. உன் மூளைக்கு இதுல வேலையே இல்லப்பா. இதுல சனி ராத்திரி விட்டத ஞாயித்துக்கிழம புடிக்கலாம்னு டபுளா கட்டுவ பாரு, சம்பளத்த முழுங்குறது அதுதான்.

சத்தியம் பண்ணா மட்டும் பத்தாது. அங்கயே சூதாட்டத்துல மாட்டுனவங்களுக்கு உதவ நேஷனல் கவுன்சில் ஆன் ப்ராப்ளம் கேம்ப்ளிங்னு இருக்கு, 1800-6-668-668க்கு போன் பண்ணு, உன் பெட்டிங் அக்கவுண்ட்ட நீயே பிளாக் பண்ண சொல்லி எழுதிக் குடுக்கலாம். ஆனா கடைக்கு நடந்து போய் கேஷ் கட்டுறத அது தடுக்காது. அதனால சம்பளம் வந்த அன்னிக்கே சாப்பாட்டுக்கும் டாப்அப்புக்கும் எடுத்துட்டு மீதிய கலா அக்கவுண்ட்டுக்கு அனுப்பிடு, சனிக்கிழம கைல காசே இருக்கக் கூடாது. ரூம்ல யார்கிட்டயாவது கடன் வாங்கி கட்டிருந்தா எவ்வளவுன்னு மறைக்காம சொல்லு, வட்டி ஏறுறதுக்குள்ள இங்கேந்து ஏதாவது பண்ணலாம்.

ஒரு வாரம் தவறி கட்டிட்டா அன்னிக்கே எனக்கு போன் போடு, திட்ட மாட்டேன். மறைச்சா தான் எனக்கு கோவம் வரும்.

அங்க சனிக்கிழம ராத்திரி பத்து மணி மேட்ச்னா இங்க ஏழரை தான், பாப்பா முழிச்சிருப்பா. அந்த நேரத்துக்கு கால் பண்ணு.

அப்பா