எதிர்பாராத வரவேற்பா? எண்ணித்தானே விற்றீர்கள்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களிடம் ஏற்பாட்டாளர்கள் மின்னஞ்சலில் வருத்தம் தெரிவித்திருப்பதாகச் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். அப்படித் திரும்பியவர்களில் நானும் ஒருவன். அதே மின்னஞ்சல் எனக்கும் வந்தது. அதில் இருந்த "எதிர்பாராத வரவேற்பின் காரணமாக" என்ற வரியை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது.

டிக்கெட் இல்லாத கூட்டம் மதிலேறிக் குதித்து வந்திருந்தால் அது எதிர்பாராதது. நாங்கள் எல்லோரும் பணம் கட்டியவர்கள். மண்டபத்தில் எத்தனை நாற்காலி என்பது அவர்களுக்குத் தெரியும், எத்தனை டிக்கெட் போயிற்று என்பதும் தெரியும். இதில் எதிர்பார்க்க முடியாதது எது?

நான் ரயில்வேயில் முன்பதிவு எழுத்தராக 33 வருடம் வேலை பார்த்தவன். கணினி வருவதற்கு முன்பு ஒரு ரயிலுக்கு, ஒரு தேதிக்கு, ஒரே புத்தகம்தான். எத்தனை ஜன்னல் திறந்திருந்தாலும் அந்தப் பக்கத்தில் பெயர் ஏறாமல் ஒரு படுக்கையும் விற்பனையாகாது. வழியில் உள்ள ஊர்களுக்கு இத்தனை என்று ஒதுக்கீடு கொடுத்தால், அந்த எண்ணிக்கையை முதலிலேயே கழித்துவிடுவோம். அப்படியும் இடத்துக்கு மேல் விற்றோம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு விற்றோம். ஆர்ஏசி என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இடம் கிடைக்காமலும் போகலாம் என்று தெரியும். தெரிந்து வாங்கியவர் திட்டினாலும் ஏமாந்தேன் என்று சொல்ல மாட்டார். இங்கே எங்கள் டிக்கெட்டில் "உறுதி" என்றுதான் போட்டிருந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவிக்கு அறுபது வயது நிறைந்ததை ஒட்டி, அவளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு டிக்கெட் 1,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியும், இணையத்தில் வாங்கியதற்கான கட்டணமும் சேர்த்து மூன்று பேருக்கு 5,610 ரூபாய். ஆறரை மணி நிகழ்ச்சிக்கு ஐந்தே முக்காலுக்கே வரிசையில் நின்றோம். வாசலில் ஒரு தம்பி கைபேசியை நீட்டி க்யூஆர் குறியீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கூடக்கூட நெட்வொர்க் படுத்துவிட்டது. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். கடைசியில் அவன் ஸ்கேன் செய்வதை விட்டுவிட்டு, படத்தைக் காட்டினால் போதும் என்று ஆளுக்கொரு காகிதப் பட்டையைக் கையில் கட்டி அனுப்ப ஆரம்பித்தான். ஒரே டிக்கெட்டின் படத்தை நான்கு பேர் தங்கள் கைபேசியில் வைத்துக்கொண்டு வந்தால் நான்கு பேரும் உள்ளே போவார்கள். பத்து நிமிடத்தில் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். பேத்தி அந்தப் பட்டைக்காகக் கையை நீட்டியபடியே நின்றாள்.

பிறகு மண்டபத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். மொத்தம் 850 நாற்காலி. மேடையை முன்னால் நீட்டியதில் முதல் மூன்று வரிசை போயிற்று. நடுவில் கேமராவும் ஒலிக்கருவி மேசையும் வைத்ததில் இன்னும் கொஞ்சம் போயிற்று. ஆக, உட்கார முடிந்தது 760 பேர். ஆனால் இணையத்தில் 850 கணக்கு வைத்தே விற்றிருக்கிறார்கள். விளம்பரம் கொடுத்தவர்களுக்கு அனுமதிச்சீட்டு தனிக் கணக்கு. மண்டப வாசலில் கையால் கிழித்துக் கொடுத்த டிக்கெட் இன்னொரு கணக்கு. மூன்று இடத்தில் மூன்று புத்தகம், எந்தப் புத்தகத்துக்கும் மற்றதைத் தெரியாது. நாற்காலி எண் போட்டு விற்றிருந்தால், ஒரே எண்ணோடு இரண்டு பேர் வந்து நிற்கும்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். "முதலில் வருபவருக்கு முதலிடம்" என்று எண் இல்லாமல் விற்றதால் மண்டபம் நிரம்பும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

சரி, தவறு நடந்துவிட்டது. மின்னஞ்சலுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு வந்தது. அதில் எத்தனை நாற்காலி, எத்தனை டிக்கெட், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஓர் எண்கூட இல்லை. "சில ரசிகர்களுக்கு ஏற்பட்ட அசௌகரியம்" என்று இருந்தது. இழப்பீடாக அடுத்த நிகழ்ச்சியில் பாதி விலைச் சலுகை. அதற்கும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்தான் வாங்க வேண்டும், 90 நாளுக்குள் வாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கு 6,000 என்றால் பாதி போக நான் இன்னும் 3,000 ரூபாயும் அதற்குமேல் வரியும் கட்ட வேண்டும். முதலில் கொடுத்த 5,610 போனது போனதுதான். என்னிடம் இன்னொரு முறை பணம் வாங்குவதற்கு இழப்பீடு என்று பெயரா?

பணம்தான் வேண்டும் என்பவர்கள் 48 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டுமாம். அதில் கைப்பட்டையின் புகைப்படம் கேட்டிருந்தார்கள். உள்ளே போனவர்களுக்குத்தானே கைப்பட்டை கட்டினார்கள்? வெளியே நின்றவன் அதற்கு எங்கே போவான்? பதில் எழுதலாம் என்றால் அந்த முகவரிக்குப் பதில் போகவே இல்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், சலுகையை ஏற்றுக்கொண்டால் வேறு எந்தக் கோரிக்கையும் வைக்க முடியாது என்று ஒரு வரி வேறு. என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததால்தான் அது எங்கள் கண்ணில் பட்டது.

1986-இல் என் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் ஊரில் ஒரு மண்டபம் பிடித்திருந்தோம். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடம் முன்பணம் வாங்கிவிட்டது தெரிந்ததும், மண்டபக்காரர் அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "என் மேனேஜர் ஒரு நோட்டில் எழுதினான், நான் ஒரு நோட்டில் எழுதினேன், தப்பு என்னுடையது" என்றார். முன்பணத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் பேசி, பந்தல் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். அப்பாவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்த மனிதரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.

2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் உள்ளே போக முடியாமல் பட்ட பாட்டை நீங்களும் எழுதினீர்கள். மறுநாள் அவரே தன் பெயரில், டிக்கெட் நகலையும் குறையையும் அனுப்பச் சொல்லி ஒரு மின்னஞ்சல் முகவரியை வெளியிட்டார். பதில் வாங்கிக்கொள்ளும் முகவரி. எங்களுக்கு வந்த கடிதத்தின் கீழே ஒரு மனிதர் பெயர்கூட இல்லை, "குழுவினர்" என்று இருக்கிறது.

வருத்தக் கடிதம் எழுதுவது அவ்வளவு கடினமா? அவர்கள் இப்படி எழுதியிருக்கலாம்: "எங்களிடம் இருந்தது 760 இடம். மேடைக்காக எடுத்த நாற்காலிகளைக் கழிக்காமல் 850 டிக்கெட் விற்றோம், அதற்கு மேலும் வாசலில் விற்றோம், அனுமதிச்சீட்டும் கொடுத்தோம். தவறு எங்களுடையது. நீங்கள் கட்டிய தொகை, வரியும் இணையக் கட்டணமும் சேர்த்து, ஏழு வேலை நாளில் நீங்கள் பணம் கட்டிய கணக்குக்கே வந்துவிடும். இதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வராவிட்டால் இந்த எண்ணில் இவரைக் கூப்பிடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு வர விரும்பினால் இடம் தருகிறோம், அது தனி." நம்மூர் கையெழுத்தில் அரைப்பக்கம் வருமா?

"எதுவும் செய்ய வேண்டாம்" என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் ஆன டிக்கெட்டும் ஆகாத டிக்கெட்டும் அவர்கள் கணினியில் தனித்தனியாக இருக்கும். ஸ்கேன் செய்யாமல் உள்ளே விட்ட கடைசிப் பத்து நிமிடக் கூட்டம் இதில் குழப்பும், ஒத்துக்கொள்கிறேன். அவர்களில் சிலருக்குப் பணமும் கிடைத்துவிடும். அந்த நஷ்டம் ஏற்பாட்டாளருடையது, ஸ்கேன் செய்வதை நிறுத்தியது அவர்கள்தானே. இணையத்தில் எடுத்த ரயில் டிக்கெட் முழுவதும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டால், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகி, சிறு கழிவு போகப் பணம் கணக்குக்குத் திரும்புகிறது. யாரும் படிவம் நிரப்புவதில்லை. விமானத்தில் இடத்துக்கு மேல் விற்றுவிட்டு உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரை ஏற்றாமல் விட்டால் அதற்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தராமல் 24 மணி நேரத்துக்குள் தந்தால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் இரண்டு மடங்கு, 10,000 ரூபாய்வரை. அதற்கும் மேலே போனால் நான்கு மடங்கு, 20,000 வரை. கச்சேரிக்குப் போகிறவனுக்கு அப்படி ஒரு விதியைக் காட்ட முடியவில்லை. அவன் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

நான் போகப் போகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. வாசகர்களுக்குச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: அந்தச் சலுகைப் பொத்தானை அழுத்தாதீர்கள், டிக்கெட்டையும் அந்த மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. அதே ஏற்பாட்டாளர்களின் அடுத்த நிகழ்ச்சி விளம்பரம் உங்கள் இதழிலேயே பின்பக்கத்தில் வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, பத்திரிகை நடத்த விளம்பரம் வேண்டும். ஆனால் உங்கள் நிருபரை அனுப்பி மூன்று எண்களை மட்டும் கேட்டுப் போடுங்கள்: மேடை போட்ட பிறகு எத்தனை இடம், எத்தனை டிக்கெட் விற்பனைக்கு, எத்தனை அனுமதிச்சீட்டு. சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே முன்பதிவு எழுத்தர்,
குரோம்பேட்டை, சென்னை.