கார்த்திகை மாதத்துக்கும் அதே தவணையா? நுண்கடன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு குழுவில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிவருபவள் நான். என் வீட்டுக்காரர் பெயிண்டர். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் நான் வெளி வேலைக்குப் போவதில்லை. அவர் கூலிதான் வீட்டின் வருமானம். வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பது நான்.

போன கார்த்திகையில் எங்கள் சென்டர் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எங்கள் குழுவில் ஒரு பெண்ணால் தவணை கட்ட முடியவில்லை. அவர் கணவரும் பெயிண்டர்தான். பணம் முழுசாக வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உங்கள் வசூல்காரர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். மழையில் யாரும் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றோம். கடைசியில் அந்தப் பெண் உள்ளே போய் குக்கரை எடுத்துவந்து பக்கத்து வீட்டில் கொடுத்துப் பணம் வாங்கினார். மீதியை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். "மழை எல்லாருக்கும்தானே பெய்யுது" என்றார் வசூல்காரர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் மேலே கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கோபம் அந்தத் தவணை அட்டையை அச்சடித்தவர்கள் மேல்.

எல்லாருக்கும் பெய்கிற மழை பெயிண்டரின் வேலையை மட்டும் எப்படி நிறுத்துகிறது என்று கேட்கலாம். ஈரச் சுவரில் பிரைமர் அடித்தால் பிடிக்காது. அடித்தாலும் ஒரு மாதத்தில் கொப்பளித்து உரிந்துவிடும். மழை விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்துச் சுவர் காய்ந்தால்தான் மேஸ்திரி ஆளைக் கூப்பிடுவார். கார்த்திகையில் அந்த மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அபூர்வம். ஆடியில் யாரும் புதுமனை புகுவதில்லை என்பதால் புது வீட்டு வேலை குறைந்துபோகும். ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னால் கொஞ்சம் வேலை வரும், மழை விட்டால். மார்கழியில் பொங்கலுக்காக ஊரே வீட்டுக்கு வர்ணம் அடிக்கும், ஞாயிறுகூட லீவு கிடையாது.

இனி எங்கள் நோட்டைப் பாருங்கள். சாதாரண மாதத்தில் வீட்டுக்கு 16,000 ரூபாய் வருகிறது. அப்படி எட்டு மாதம். மார்கழியில் 20,000. ஆடியில் 9,500, ஐப்பசியில் 8,000, கார்த்திகையில் 5,000. வருஷத்துக்கு 1,70,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14,200 சொச்சம். உங்கள் தவணை மாதம் 5,300.

ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 14,200-இல் பாதி 7,100. எங்கள் தவணை அதற்குள்தான் இருக்கிறது. விதிப்படி நீங்கள் தவறே செய்யவில்லை. ஆனால் சரியாக 14,200 ரூபாய் என்று எங்கள் வீட்டுக்கு எந்த மாதமும் வந்ததில்லை, ஒன்று கூட வரும், இல்லையென்றால் குறைய வரும். கார்த்திகையில் வருவது 5,000, கட்ட வேண்டியது 5,300. பாதி என்ன, முழுக் கூலியையும் கொடுத்தாலும் பற்றாது.

வீட்டுச் செலவை நான் 8,500-க்குள் அடக்குகிறேன். ரேஷன் அரிசியும் சொந்தக் கூரையும் இருப்பதால் முடிகிறது. தவணையும் செலவும் போக வருஷக் கடைசியில் 4,900 ரூபாய் மிஞ்ச வேண்டும். காகிதத்தில் அது சரிதான். ஆனால் ஆடி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாதமும் சேர்ந்து எனக்கு 18,900 ரூபாய் துண்டு விழுகிறது. அதை மற்ற மாத மிச்சத்திலிருந்துதான் அடைக்க வேண்டும். சாதாரண மாதத்தில் மிஞ்சுவது 2,200 ரூபாய். அதைத் தொடாமல் கார்த்திகைவரை காப்பாற்றவேண்டும். நடுவில் பள்ளிக்கூடம் திறக்கும், மாமியாருக்குச் சர்க்கரை ஏறும். அப்புறம் வேறு வழியில்லாமல் பத்து வட்டிக்குப் போகிறோம், நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். உங்கள் தவணையை நாள் தவறாமல் கட்ட வாங்குகிற கடன் அது. உங்கள் கணக்கில் நாங்கள் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் என்று பதிவாகிறது. அந்த ஒழுங்குக்கு நாங்கள் கொடுக்கிற விலை எந்த அட்டையிலும் பதிவாவதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இது: வருமானம் ஏறி இறங்குகிற வீட்டுக்குத் தவணையும் ஏறி இறங்கட்டும். தள்ளுபடி கேட்கவில்லை. கார்த்திகையில் 1,000, ஐப்பசியில் 2,500, ஆடியில் 3,000 வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழியில் 8,000 தருகிறோம், மற்ற எட்டு மாதமும் 6,150 தருகிறோம். கூட்டிப் பாருங்கள், 63,700 வரும். இப்போது நீங்கள் வாங்குவது 63,600. கட்டுகிற தேதி மாறுவதால் வட்டியில் கொஞ்சம் வித்தியாசம் வந்தால் அதையும் கட்டுகிறோம். இப்படிச் செய்தால் எனக்கு விழுகிற துண்டு 18,900-இலிருந்து 9,500 ஆகக் குறைகிறது. அதை நான் சேர்த்து வைக்க முடியும்.

இது புதுசாக எதுவும் இல்லை. பயிர்க்கடனுக்கு அறுவடையை ஒட்டித்தான் தவணை வைக்கிறார்கள். நெல்லுக்குப் பருவம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர்கள், சுவருக்கு வர்ணம் அடிப்பவருக்கும், செங்கல் சூளையில் வேலை செய்பவருக்கும், உப்பளத்துக்குப் போகிறவருக்கும் பருவம் உண்டு என்பதை ஏன் பார்ப்பதில்லை? இந்த நாட்டில் எல்லாமே ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவரை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. மாதச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் சேமியுங்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். எந்த மாதச் சம்பளத்தில்?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். அதே 2022 விதியில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வருமானத்தைக் கணக்கிடும்போது குறைந்தது ஒரு வருஷத்தைப் பார்க்கலாம் என்று அதில் வழி சொல்லியிருக்கிறது. கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்பத் தவணைக் கால இடைவெளியை அமைத்துத் தர ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் முதலாவது, "மாசம் எவ்வளவு வரும்மா?" என்ற ஒரே கேள்வியோடு முடிந்தது. இரண்டாவது, வாரத் தவணையா மாதத் தவணையா என்று கேட்டதோடு முடிந்தது. எந்த மாதம் வேலை இருக்காது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்டைக் காட்டியிருப்பேன்.

எனவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அடுத்த கடனுக்குப் படிவம் நிரப்பும்போது பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக வருமானத்தை எழுதிக்கொள்ளுங்கள். தவணை அட்டையை அதன்படி ஏற்ற இறக்கமாக, தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். ஏற்கெனவே ஓடுகிற கடன்களுக்கு ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிக்கொடுங்கள். ஒப்புக்கொண்ட குறைந்த தொகையைக் கட்டியவரைத் தவணை தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள். ஒருத்தியின் மழைக்காலத் தவணையை மற்றவர்கள் தலையில் கட்டாதீர்கள். உங்கள் கிளை மேலாளர் எந்த நாள் வந்தாலும் எங்கள் நோட்டுகளை எடுத்துவந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தயாராக இருக்கிறோம். கூட்டம் காலை பத்து மணிக்கு வைத்தால் எல்லாரும் வர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் குழு உறுப்பினர் ஒருத்தி