அப்ரூவ் ஆகியும் ஸ்காலர்ஷிப் பணம் வராததுக்குக் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தங்கச்சி காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறா. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு ஸ்டேட் போர்ட்டல்ல நான்தான் அப்ளை பண்ணிக் கொடுத்தேன். சாதிச் சான்று, ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கிற வருமானச் சான்று, மார்க்‌ஷீட், பாஸ்புக் முதல் பக்கம்னு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தினோம், காலேஜ்ல வெரிஃபை பண்ணாங்க, மாவட்ட அளவுலயும் முடிஞ்சு ஸ்டேட்டஸ்ல அப்ரூவ்டுன்னு வந்துருச்சு. ஆனா மாசக்கணக்குல பணம் வரல. பேங்க்ல கேட்டா ஆதார் லிங்க் ஆயிருக்கு தம்பி, காலேஜ்ல கேளுன்னாங்க, காலேஜ்ல பேங்க்ல கேளுன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதும் பொய் இல்லங்க, அதான் இதுல கஷ்டமே.

நாம பாஸ்புக்க அப்லோடு பண்ணிட்டா அந்த அக்கவுண்டுக்குத்தான் பணம் வரும்னு நினைக்கிறோம். இந்த ஸ்காலர்ஷிப்ல மத்திய அரசோட பங்கு 60 சதவீதம், அது ஆதார் நம்பரை வச்சுத்தான் அனுப்பப்படுது. அந்த நம்பர் எந்த பேங்க்ல இருக்குன்னு, பேங்க்குகளுக்கு நடுவுல பணம் போக வழி பண்ற என்பிசிஐங்கிற அமைப்போட லிஸ்ட்ல பார்ப்பாங்க, அங்க ஒருத்தருக்கு ஒரே ஒரு பேங்க் பேர்தான் இருக்கும். பேங்க்ல கேஒய்சிக்கு ஆதார் கொடுக்குறது லிங்க், அந்த லிஸ்ட்ல ஏர்றது சீடிங், ரெண்டும் வேற வேற.

கடைசில myaadhaar.uidai.gov.in போய் ஓடிபி போட்டு உள்ள நுழைஞ்சு Bank Seeding Status பார்த்தேன். அதுல இருந்தது அவ எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல எல்லாருக்கும் சேர்த்துத் தொடங்கின அக்கவுண்ட் இருக்கிற பேங்க். அதுல வருஷக்கணக்கா வரவுசெலவே இல்ல, முடங்கிக் கிடக்கு. பாஸ்புக்க வீடு முழுக்கத் தேடி அரிசி டின்னுக்குப் பின்னாடி இருந்து அம்மாதான் எடுத்தாங்க.

இப்ப இருக்கிற பேங்க்ல ஆதார் லிங்க்னு கேட்காம, டிபிடிக்கு, அதாவது அரசுப் பணம் நேரா அக்கவுண்டுக்கு வர்றதுக்கு, ஆதார் சீடிங் பண்ணணும்னு சொல்லி ஃபார்ம் வாங்கி, பழைய பேங்க்ல இருந்து இங்க மாத்துறோம்ங்கிற இடத்துல டிக் பண்ணி அவளையே கையெழுத்துப் போட வச்சோம். சில நாள் கழிச்சு அதே பக்கத்துல புது பேங்க் பேரும் Activeனும் வந்துச்சு, அந்த ஸ்க்ரீன்ஷாட்ட காலேஜ் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல கொடுத்துட்டு வந்திருக்கோம்.

ஒவ்வொரு ஊர்லயும் இப்படிப் பல பிள்ளைங்களுக்குப் பழைய ஸ்கூல் அக்கவுண்ட் இருக்கு. அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்த ஒருதடவ பாத்துருங்க, பணம் வரலன்னு தெரிஞ்ச பிறகு பார்த்தா ஃபீஸ் கட்டுற தேதி தாண்டிரும். அதிகாரிங்ககிட்ட கேட்டுக்கிறது ஒண்ணுதான். அப்ளிகேஷன்ல பாஸ்புக் ஏத்துற இடத்துலயே, உங்க ஆதார் இந்த பேங்க்ல சீட் ஆயிருக்கு, நீங்க கொடுத்தது வேற பேங்க்னு தமிழ்ல ஒரு வரி காட்டுங்க. அப்ரூவ்டுன்னு வந்தபிறகு பணம் திரும்பிப் போச்சுன்னா அதையும் காரணத்தோட ஸ்டேட்டஸ்லயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி மாணவியின் அண்ணன்,
விழுப்புரம் மாவட்டம்