நீண்ட வாக்கியத்தை வீட்டில் பிரித்துப் படிக்க: 9, 10-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வின் சமூக அறிவியல் விடைத்தாள்களை இந்த வாரம் நானும் உட்கார்ந்து படித்தேன். பத்தி ஒன்றைக் கொடுத்து, அதைப் படித்துப் பதில் எழுதச் சொல்லும் வினாவில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறியிருக்கிறார்கள். பாடம் தெரியாததால் வந்த தடுமாற்றம் இல்லை இது. அதே பிள்ளைகள் வாய்மொழியாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். பத்தியில் இருந்த ஒரே ஒரு நீண்ட வாக்கியம் அவர்களைக் கவிழ்த்துவிட்டது. எங்கள் ஆசிரியர் எழுதிய அந்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன். ஒருமுறை நீங்களும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

"கோடையில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் அதன் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, அங்கு உருவாகும் தாழ்வழுத்தப் பகுதியை நோக்கிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையால் தடுக்கப்பட்டு, மேலேறிக் குளிர்ந்து, மலையின் மேற்குச் சரிவில் பெருமழை தந்துவிட்டுக் கிழக்குப் பக்கத்தை அடையும்போது தன் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்திருப்பதால், தமிழ்நாட்டின் பெரும்பகுதி அக்காலத்தில் மழைமறைவுப் பகுதியாக அமைகிறது."

கேள்வி இதுதான்: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஏன் மழைமறைவுப் பகுதியாக இருக்கிறது?

பாதிக்கு மேற்பட்டோர் எழுதிய பதில்: "கோடையில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால்." ஏன் இப்படி எழுதினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. 'ஏன்' என்று கேட்டால் 'ஆல்' என்று முடியும் இடத்தைத் தேடு என்று நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர்கள் தேடினார்கள், முதலில் கண்ணில் பட்டதை எடுத்து எழுதினார்கள். ஆனால் இந்த வாக்கியத்தில் 'ஆல்' மூன்று இடங்களில் வருகிறது: சூடேறுவதால், மலையால், இழந்திருப்பதால். எந்த 'ஆல்' எந்த வினையோடு போகிறது என்று பார்க்காமல் பதில் எழுதவே முடியாது.

அதைப் பார்க்கும் வழியை வகுப்பில் தொடங்கியிருக்கிறோம். வீட்டிலும் அதே வழியில் கேட்டால் பிள்ளைக்கு இரண்டு விதமாகச் சொல்கிறார்களே என்ற குழப்பம் வராது. உங்களுக்கு இலக்கணம் நினைவிருக்க வேண்டியதில்லை. சில கேள்விகள் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, கடைசிக்குப் போவது. தமிழில் வாக்கியத்தைத் தாங்கும் வினை பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும். அதுவரை வருகிற தடுக்கப்பட்டு, குளிர்ந்து, தந்துவிட்டு எல்லாம் முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. 'அமைகிறது' என்று வந்த பிறகுதான் வாக்கியம் தரையிறங்குகிறது. அதன் அடியில் பென்சிலால் இரட்டைக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்தால் பொருள் நிறையாது, 'மழைமறைவுப் பகுதியாக அமைகிறது' என்று அதைத் தாங்கும் சொல்லையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அடுத்து, "எது அமைகிறது?" என்று கேளுங்கள். பதில், தமிழ்நாட்டின் பெரும்பகுதி. இதுதான் எழுவாய். பல பிள்ளைகள் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கிறதே என்று 'நிலம்' என்கிறார்கள், வாக்கியம் முழுக்க அதைப் பற்றித்தானே பேசுகிறது என்று 'பருவக்காற்று' என்கிறார்கள். "நிலம் மழைமறைவுப் பகுதியாக அமைகிறதா? காற்று அமைகிறதா?" என்று வினையோடு சேர்த்துச் சொல்லவைத்தால் அவர்களே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

எழுவாயைக் கண்டுபிடிக்க ஒரு துணை உண்டு. எழுவாயின் மேல் ஐ, ஆல், கு, இல் போன்ற உருபு ஒட்டியிருக்காது. இந்த வாக்கியத்திலேயே 'பெரும்பகுதி' இரண்டு முறை வருகிறது. 'ஈரத்தின் பெரும்பகுதியை' என்பதில் ஐ இருக்கிறது, அது இழக்கப்பட்ட பொருள். 'தமிழ்நாட்டின் பெரும்பகுதி' வெறுமனே நிற்கிறது, அதுவே எழுவாய். ஆனால் இந்தத் துணை எப்போதும் கைகொடுக்காது. 'பெருமழை தந்துவிட்டு' என்ற இடத்தில் பெருமழையும் உருபில்லாமல்தான் நிற்கிறது. அது எழுவாய் அல்ல, ஐ மறைந்து நிற்கிறது. 'பெருமழையைத் தந்துவிட்டு' என்று ஐயைப் போட்டுப் பார்த்தால் பொருள் மாறாமல் பொருந்துகிறது. அப்படிப் பொருந்தினால் அது எழுவாய் இல்லை.

இதற்குப் பிறகுதான் எல்லைகள். வாக்கியத்துக்குள் எங்கெல்லாம் ஒரு செயல் சொல்லி நிறுத்தப்படுகிறதோ, அங்கெல்லாம் ஒரு சாய்கோடு. சூடேறுவதால் / விரிந்து / மேலெழ / தடுக்கப்பட்டு / மேலேறி / குளிர்ந்து / தந்துவிட்டு / அடையும்போது / இழந்திருப்பதால் / அமைகிறது. காற்புள்ளியை நம்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். முதல் எல்லையான 'சூடேறுவதால்' என்பதன் பின் காற்புள்ளியே இல்லை, பாருங்கள். செயல் முடிகிற ஈறுதான் எல்லை.

இடையில் 'உருவாகும்', 'சுமந்து வரும்' என்று இரண்டு இருக்கின்றன. அவை பெயரெச்சம், அடுத்து வரும் பெயரை விளக்க வந்தவை. அங்கே கோடு போடாமல் அடைப்புக்குறி போடச் சொல்கிறோம்: [கடலின் ஈரத்தைச் சுமந்து வரும்] பருவக்காற்று. 'காற்று வரும்' என்றால் வாக்கியம் முடிந்தது, 'வரும் காற்று' என்றால் முடியவில்லை. சொல் அதேதான், நிற்கும் இடம் வேறு. 'வரும்' என்பதை முடிந்த வினையாக எண்ணி வாக்கியத்தை அங்கேயே முடித்துவிட்ட பிள்ளைகளும் உண்டு. பின்னால் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தால் அந்தத் தவறு வராது.

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஆளைத் தேட வேண்டும். சூடேறுவது நிலம். விரிந்து மேலெழுவது அதன் மேலுள்ள காற்று. தடுக்கப்பட்டு, மேலேறி, குளிர்ந்து, தந்துவிட்டு, அடைந்து, ஈரத்தை இழந்தது எல்லாமே பருவக்காற்று. அந்தப் பெயர் ஒருமுறைதான் வருகிறது, ஆனால் ஆறு செயல்களைச் சுமக்கிறது. இங்கே பழைய இலக்கணம் உதவிக்கு வருகிறது. 'செய்து' என்ற வடிவில் வரும் எச்சத்தை, அதாவது முடியாமல் நிற்கும் வினையை, செய்தவரே அடுத்த வினையையும் செய்வார் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் விதி. 'செய்ய', 'செய்தால்' போன்றவற்றில் ஆள் மாறலாம். அதனால்தான் 'காற்று மேலெழ' என்று வந்த உடனே வேறு ஒன்று, அதாவது பருவக்காற்று, மேடைக்கு வர முடிகிறது. 'மழை பெய்து ஏரி நிறைந்தது' என்று காரணப் பொருளில் இந்த விதி மீறப்படுவதும் உண்டு. ஆகவே விதியை வைத்து ஊகித்துவிட்டு, பொருளை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளில் பலர் தமிழ்த் தேர்வில் 'செய்து வாய்பாட்டு வினையெச்சம்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள். அதே எச்சம் புவியியல் பத்தியில் வந்தபோது அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இலக்கணத்தை ஒரு மதிப்பெண் வினாவாகவே நடத்தியது எங்கள் குறை. இப்போது தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரே பத்தியை எடுத்துக்கொண்டு சேர்ந்து நடத்துகிறார்கள்.

கேள்விக்குத் திரும்புவோம். கேட்கப்பட்டது, 'மழைமறைவுப் பகுதியாக அமைகிறது' என்பதற்கான காரணம். அந்த வினையிலிருந்து பின்னோக்கிப் போனால் முதலில் தட்டுப்படும் எல்லை 'இழந்திருப்பதால்'. அதற்கு ஆள் பருவக்காற்று. ஆக, பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே வரும்போது பெரும்பகுதி ஈரத்தை இழந்திருப்பதால் என்பதே பதில். 'சூடேறுவதால்' என்பது 'மேலெழ' என்பதோடு முடிந்துவிட்டது. "நிலத்தின் மேலுள்ள காற்று ஏன் மேலெழுகிறது?" என்று கேட்டிருந்தால் அதுதான் சரியான பதில். 'மலையால்' என்பதோ காரணத் துண்டே இல்லை. அதில் செயல் எதுவும் இல்லை, 'தடுக்கப்பட்டு' என்பதற்கு எது தடுத்தது என்று மட்டும் சொல்கிறது.

பிள்ளைக்கு உண்மையில் புரிந்ததா, கோடு மட்டும் போடுகிறாளா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. நீண்ட வாக்கியத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள். "நிலம் வேகமாகச் சூடாகிறது. அதனால் அதன் மேலுள்ள காற்று மேலே போகிறது. அங்கே தாழ்வழுத்தம் உருவாகிறது. அதை நோக்கி ஈரத்தோடு பருவக்காற்று வருகிறது. மலை அதைத் தடுக்கிறது…" என்று போக வேண்டும். ஒவ்வொன்றிலும் யார் அல்லது எது, என்ன செய்தது இரண்டும் இருக்க வேண்டும். "மலையால் தடுக்கப்பட்டுக் குளிர்கிறது" என்று ஆள் இல்லாமல் சொன்னால், புத்தகச் சொற்களைத்தான் திருப்பிச் சொல்கிறாள் என்று அர்த்தம். "எது குளிர்கிறது?" என்று அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், பிள்ளை வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கடைசி வினையைப் பிடிக்கும் வழி கைவிடும் இடங்களும் உண்டு. 'வைகை பருவமழையை நம்பிய ஆறு' என்ற வாக்கியத்தில் முடிக்கும் வினையே இல்லை, பெயர்தான் முடிக்கிறது. அங்கே 'ஆறு' என்பதையே இரட்டைக் கோட்டால் காட்டலாம். 'மண்ணரிப்பு அதிகரித்ததே விளைச்சல் குறைந்ததற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது' என்று வந்தாலோ, கடைசி வினையான 'கருதப்படுகிறது' உள்ளடக்கம் எதையும் சொல்வதில்லை. சொல்ல வந்தது 'என' என்பதற்கு முன்னால் இருக்கிறது. அங்கே ஒரு கோடு போட்டு, முன்பகுதியைத் தனி வாக்கியமாக எடுத்து மறுபடி எழுவாயும் பயனிலையும் தேட வேண்டும். ஆனால் 'கருதப்படுகிறது' என்பதை அடியோடு விட்டுவிடவும் கூடாது. பத்தி இதை உறுதியாகச் சொல்கிறதா என்று கேட்டால், அந்த ஒரு சொல்தான் பதிலை மாற்றும்.

எல்லா வாக்கியத்துக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை. முழுப் பத்தியையும் கோடு போட்டுக் கிழித்துவைத்த தாள்களையும் பார்த்தேன், நேரம்தான் போயிருக்கிறது. கேள்வியை முதலில் படித்து, பதில் இருக்கும் வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதை ஒரே மூச்சில் படித்தும் புரியவில்லை என்றால் மட்டும் பென்சில் எடுக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு நான்கு வாக்கியங்கள் உள்ள ஒரு தாளை இணைத்திருக்கிறோம். அறிவியலிலிருந்து இரண்டு, வரலாற்றிலிருந்து ஒன்று, குடிமையியலிலிருந்து ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்று போதும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளை போட்ட கோடு தவறாக இருந்தாலும் ரப்பரால் அழிக்கவிடாதீர்கள். எந்த எல்லையில் தடம் மாறினார்கள் என்பது அழிக்காத கோட்டில்தான் எங்களுக்குத் தெரியும். தாளை வரும் வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்