எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தரவுத் தாளில் தவறான பேக்கிங் குரூப், அதற்கேற்ற தவறான பெட்டி: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் சின்னதாக எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களிடம் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு லிட்டர் பாட்டில் நான்கு, ‘விமானத்தில் அனுப்பலாம்’ என்று நீங்களே விற்ற பெட்டிக்குள் வைத்து மீனம்பாக்கம் சரக்கு முனையத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர்ட் பிளேர் வாடிக்கையாளர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார். என் பிழைப்பே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் எஸ்டிஎஸ்-ஐத் தயவுசெய்து நீங்களே ஒருமுறை படியுங்கள். 9-ஆம் பிரிவில் தீப்பற்றும் வெப்பநிலை 12 டிகிரி, கொதிநிலை 82 டிகிரி என்று இருக்கிறது. 14-ஆம் பிரிவில் யுஎன் 1219, வகுப்பு 3, ஆபத்தின் அளவைச் சொல்லும் பேக்கிங் குரூப் 3 என்கிறீர்கள். 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றி, 35 டிகிரிக்கு மேல் கொதிக்கிற திரவம் குரூப் 2. குரூப் 3 என்பது 23 முதல் 60 டிகிரி வரை தீப்பற்றுவதற்கு. ஒரே தாளில் ஒரு பிரிவு இன்னொன்றைப் பொய்யாக்குகிறது!

பெட்டியும் அதே தவறைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அதன் யுஎன் குறியீட்டில் ‘இசட்’ எழுத்து இருக்கிறது, அது குரூப் 3-க்கு மட்டும்தான் செல்லும். எனக்குத் தேவை ‘ஒய்’. அளவிலாவது குறை உண்டா? பயணிகள் விமானத்தில் இந்தச் சரக்கு ஒரு பெட்டிக்கு 5 லிட்டர் வரை போகலாம், என்னுடையது 4 லிட்டர்தான்.

இதையெல்லாம் சொல்லத்தான் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சொன்னது: “பாட்டில் மேலேயே டைமண்ட் இருக்கே சார், கண்ணாடி போட்டுப் பாருங்க.” வயது ஐம்பத்தெட்டு, கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். அந்த டைமண்ட் சிவப்பு விளிம்பு, உள்ளே வெள்ளை. கையாளுகிறவருக்கான எச்சரிக்கை அது. போக்குவரத்து லேபிள் முழுச் சிவப்பு, தீச்சுடர், கீழ் முனையில் 3 என்ற எண், பக்கத்துக்கு 10 செ.மீ., அதுவும் வெளிப்பெட்டியின் மேல். சொல்ல மறந்துவிட்டேன், முதல் முறை திரும்பியது இந்த லேபிள் இல்லாததால்தான். குரூப் தவறு இரண்டாம் முறைதான் தெரிந்தது. நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

சரி, நடந்தது நடந்தது. திருத்திய எஸ்டிஎஸ்-ஐயும் ‘ஒய்’ குறியீடுள்ள பெட்டியையும் ஏழு நாட்களுக்குள் அனுப்புங்கள். இரண்டு வண்டிச் செலவையும் பெட்டி விலையையும் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்க வேண்டும். இல்லையென்றால் இந்தத் தாளோடு டிஜிசிஏ-வுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவேன். இதே பெட்டியை இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறீர்கள் என்று அங்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூர் வாடிக்கையாளர்