கெட்டில் பக்கத்துல நின்னு பேசுற வெதர் பேச்சு

தம்பி,

போன்ல சொன்னா பாதிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிருவ, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், பஸ்ல போறப்ப மெதுவா படி.

போன வாரம் சொன்னியே, புது ஆபீஸ் கிச்சன்ல கெட்டில் பக்கத்துல யாரு வந்து நின்னாலும் "ஹலோ"க்கு அப்புறம் மழ, குளிரு, காத்து, இத விட்டா வேற பேச்சே இல்ல, எல்லாம் போலி, அதனால நான் இப்ப ஹெட்ஃபோன் மாட்டிட்டு போயிர்றேன்னு. அப்பவே பதில் சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள நீ மீட்டிங்னு போயிட்ட. முப்பது வருஷம் காலேஜ்ல இங்கிலீஷ் நடத்துனவகிட்ட இத சொல்லிட்டு சும்மா போக முடியுமா.

முதல்ல என் கதைய கேளு. 2022ல நான் இங்கிலாந்துக்கு, ஒங்க லீட்ஸுக்கு வந்து மூணு மாசம் உங்கூட இருந்தேன்ல, நீ வேலைக்குப் போனதும் நான் லைப்ரரிக்கு பஸ் ஏறப் போவேன். ஸ்டாப்ல தினமும் ஒரு பாட்டி நிக்கும். முதல் நாளே என்னப் பாத்து சிரிச்சு "லவ்லி அண்ட் வார்ம் டுடே, இஸின்ட் இட்?"ன்னுச்சு. அன்னைக்கு பதினாறு டிகிரி, நான் ரெண்டு ஸ்வெட்டர் மேல உன் ஜாக்கெட்டையும் போட்டு நிக்கிறேன். உண்மையச் சொல்றதா நெனச்சு "நோ நோ, ஐ ஆம் ஃப்ரீஸிங்"னுட்டேன். அது "ஓ"ன்னு ஒரு ஓ போட்டுச்சு பாரு, அப்புறம் கைப்பையத் திறந்து எதையோ தேட ஆரம்பிச்சது பஸ் வர்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருந்துச்சு. பைக்குள்ள ஒன்னும் இல்லன்னு எனக்கும் தெரியும் அதுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் உறைச்சுது, நான் கிளாஸ்ல நடத்துன பாடத்த நானே ஃபெயிலாகியிருக்கேன்னு. கடைசில "இஸின்ட் இட்"னு ஒரு வால் இருக்கு பாத்தியா, அது டெம்பரேச்சர் எவ்வளவுன்னு கேக்குற கேள்வி இல்ல. "ஆமா"ன்னு சொல்றதுக்கு ஒனக்கு ஒரு இடம் விட்டுக் குடுக்குறது. அந்த எடத்துல "இல்ல"ன்னு சொன்னா, வெயிலப் பத்தி மறுத்ததா அவங்க எடுத்துக்கிறதில்ல, நீட்டுன கையத் தட்டிவிட்ட மாதிரி ஆயிருது. நெஜமாவே குளிருச்சுன்னா அதுக்கும் வழி இருக்கு, முதல்ல ஒரு "ஆமா", அப்புறம் "எனக்குத்தான் இன்னும் பழகல"ன்னு நம்ம மேல போட்டுக்கணும். அவ்வளவுதான்.

மறுநாள் அப்படியே செஞ்சேன். அது "ஆங், உங்க ஊரு ரொம்ப சூடா இருக்குமோ"ன்னு கேட்டுச்சு. மூணாவது நாள் காத்தப் பத்தி பேச்சு வந்து, காத்துல இருந்து கொடியில காயப்போட்ட துணிக்குப் போச்சு. ஒரு வாரம் கழிச்சு ஒரு நாள் மேகத்தப் பாத்துட்டு, மழ வந்தா ஓடிப்போய் துணி எடுக்குறது எப்பவும் என் வீட்டுக்காரர் வேல, இப்ப நாந்தான் ஓடணும்னுச்சு. அவரு போய் ரெண்டு மாசம்தான் ஆச்சாம். இத முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்குமா? சொல்லாது, நானும் கேட்டிருக்க முடியாது. லவ்லி அண்ட் வார்ம்ல ஆரம்பிச்சு அங்க போய்ச் சேர ஒன்பது நாள் ஆச்சு.

இது ஒன்னும் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. இங்கிலீஷ் அகராதி எழுதுன சாமுவேல் ஜான்சன் 1758லயே எழுதிட்டாரு, ரெண்டு இங்கிலீஷ்காரங்க சந்திச்சா முதல் பேச்சு வெதர்தான், ரெண்டு பேருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்த ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க அப்படி ஒரு அவசரம்னு. ஆனா தெரிஞ்ச விஷயமா இருக்குறதுதான் அதோட உபயோகமே. மலினோவ்ஸ்கின்னு ஒருத்தர், பசிபிக் பக்கம் ட்ரோப்ரியாண்ட் தீவுல ஜனங்களோட தங்கி ஆராய்ச்சி பண்ணவர், 1923ல இதுக்கு "ஃபேட்டிக் கம்யூனியன்"னு பேரு வச்சாரு. சேதி சொல்றதுக்கு இல்லாம, சேந்து இருக்குறதுக்காகவே பேசுற பேச்சு. அவர் சொன்னதுல எனக்குப் பிடிச்சது, பக்கத்துல ஒருத்தன் வாய மூடிட்டு நின்னா அது மனுஷனுக்கு நிம்மதியா இருக்காது, பயமாத்தான் இருக்கும்னாரு. நீ ஹெட்ஃபோன் மாட்டிட்டு கெட்டில் பக்கத்துல நிக்கிறியே, நீ அமைதியா இருக்கேன்னு நெனச்சுக்கிற, பக்கத்துல நிக்கிறவனுக்கு அது வேற மாதிரி கேக்கும்.

சரி, அதுக்கு ஏன் வெதர், சம்பளத்தப் பத்தி பேசக் கூடாதான்னு கேப்ப. எடின்பரோ யூனிவர்சிட்டியில இருந்த ஜான் லேவர் 1975ல இத அழகா பிரிச்சு வச்சிருக்காரு. அறிமுகமில்லாதவங்ககிட்ட நாம ஆரம்பிக்கிற பேச்சு மூணு வகைதான். ஒன்னு என்னப் பத்தி, "அப்பாடா, மாடி ஏறி கால் வலிக்குது"ங்கிற மாதிரி. இன்னொன்னு ஒன்னப் பத்தி, "வேல எல்லாம் பழகிருச்சா?"ங்கிற மாதிரி. மூணாவது ரெண்டு பேருமே இல்லாத பொதுவான ஒன்னு. இதுல ஏத்த எறக்கம் இருக்கு. ஒன் மேனேஜர் ஒன்னப் பாத்து "பழகிருச்சா?"ன்னு கேக்கலாம், நீ அவர்கிட்ட போய் "என்ன சார், மேனேஜர் வேல பழகிருச்சா?"ன்னு கேட்டுப் பாரு. பெரியவன் சின்னவனப் பத்தி கேக்கலாம், சின்னவன் தன்னப் பத்தி சொல்லிக்கலாம், மாத்திப் போட்டா நெருடும். வெதர் மட்டும்தான் யாரு வேணா யாருகிட்ட வேணா எடுக்கலாம். மழைக்கு மேனேஜரும் நனைவாரு, கூட்டுறவங்களும் நனைவாங்க, அது யார் தப்பும் இல்ல, யாரும் அதுக்கு பதில் சொல்ல வேண்டியதும் இல்ல. ஒனக்கு பேச இஷ்டம் இல்லன்னா ஒரு "ஆமா"வோட கப்ப எடுத்துட்டு போயிரலாம், ஒருத்தர் மனசும் புண்படாது. இஷ்டம் இருந்தா அந்த "ஆமா"வோட சொந்தமா ஒரு வரி சேக்கணும், எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு, சைக்கிள்ல வந்து நனைஞ்சுட்டேன்னு. அந்த ஒரு வரியப் பிடிச்சுதான் அடுத்தவங்க உள்ள வர முடியும். நீ வெறும் "யா"ன்னு நிப்பாட்டுனா அவன் நாளைக்கும் மழையிலயேதான் நிப்பான், அப்புறம் வேற பேச்சே இல்லன்னு நீதான் புலம்புவ.

நம்மூர்ல என்ன பண்றோம்? "எங்க கெளம்பியாச்சு?"ன்னு கேட்டா "சும்மா இங்கதான்"னுட்டு போறோம், எங்க போறோம்னு நெஜமா சொன்னா கேட்டவரே முழிப்பாரு. "சாப்டாச்சா"வும் அதே ஜாதிதான். வெயில் இங்க மாசக் கணக்கா ஒரே மாதிரி கொளுத்துது, அதுல தினமும் பேச என்ன இருக்கு. அங்க அட்லாண்டிக்ல இருந்து ஒன்னு மாத்தி ஒன்னு மேகம் வந்துக்கிட்டே இருக்கும், காலைல ஒன்னு மத்தியானம் ஒன்னு, அதனால சரக்கு தீராது. (நம்ம பெரியத்த "கல்யாணம் எப்ப, சம்பளம் எவ்வளவு"ன்னு ஆரம்பிக்கிறாளே, அது லேவர் சொன்ன ரெண்டாவது வகையில உச்சம்.)

ஆனா வெதர் எப்பவும் பத்திரமான பேச்சுன்னு நெனச்சுராத. ஒங்க தாத்தா காலத்துல எங்க வீட்டுத் திண்ணையில "பாபநாசம் அணையில எத்தன அடி?"ன்னு ஒருத்தர் கேட்டா அது சும்மா கேக்குற கேள்வி இல்ல. அதுலதான் கார் போக நெல்லு நடவு உண்டா இல்லையான்னு இருக்கு. ஒரு வருஷம் ஐப்பசில மழ பொய்ச்சு பிசான போக நெல்லு கருகிப் போச்சு, அப்ப எங்கப்பாகிட்ட வந்து உக்காந்தவங்க மழப் பேச்சையே எடுக்க மாட்டாங்க, பஸ் கட்டணத்தப் பத்தி பேசுவாங்க, யார் வீட்டு மாடு கன்னு போட்டுச்சுன்னு பேசுவாங்க. கடன் வாங்கி நட்டவன் முன்னாடி வானத்தப் பத்தி பேசுறது கடனப் பத்தி பேசுறதுதான்.

அங்கயும் அத ஒரு தடவ பாத்தேன். அதே 2022 ஜூலை 19, கோனிங்ஸ்பின்னு ஒரு ஊர்ல 40.3 டிகிரி அடிச்சு அந்த நாட்டு ரெக்கார்டே ஒடஞ்ச நாள். நம்ம ஸ்டாப்ல ஒரு அம்மா "ஹாட், இஸின்ட் இட்"ன்னுச்சு, பக்கத்துல நின்ன பெரியவர் "76லயும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னாரு, ஒரு காலேஜ் பொண்ணு "இல்ல, இது வேற, பூமியே சூடாயிட்டிருக்கு"ன்னுச்சு. அவ்வளவுதான், மூணு பேரும் மூணு பக்கம் திரும்பிட்டாங்க. பாட்டி என்னப் பாத்து கண்ண உருட்டுச்சு. யாருக்கும் பங்கு இல்லாத வரைக்கும்தான் மழையும் வெயிலும் பொதுச் சொத்து.

இப்ப நான் எழுத வந்ததுக்கு வரேன். தெரியாதவங்களுக்குள்ள வெதர் கதவத் திறந்து விடும்னு இவ்வளவு நேரம் சொன்னேன்ல. தெரிஞ்சவங்களுக்குள்ள அதே பேச்சு கதவச் சாத்துறதுக்கும் ஆகும். நம்ம வீட்டுல நீ என்னைக்குடா வெதர் பேசியிருக்க? பிளஸ் டூல மார்க் கொறஞ்ச அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து வந்து "இன்னைக்கு செம வெயில்ம்மா"ன்ன, எனக்கு அப்பவே வயித்தக் கலக்குச்சு. இப்ப நாலு ஞாயித்துக்கிழமையா பாக்குறேன். "ஆபீஸ் எப்படிடா?"ன்னு கேட்டா "நல்லா இருக்கு, இங்க ஒரே மழ"ங்கிற. மத்தியானம் யாரோட சாப்பிடுறன்னு கேட்டா "குளிரு ஜாஸ்திம்மா, வெளிய போறதில்ல"ங்கிற. அப்பா பக்கத்துல இருந்துக்கிட்டு "ஸ்வெட்டர் போடு, ஸ்வெட்டர் போடு"ங்கிறாரு, அவருக்கு அது ஸ்வெட்டர் பிரச்சனைன்னு தோணுது. நானும் ஸ்பீக்கர்ல வச்சு என்னத்தக் கேக்க.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா வாக்கிங் போயிருவாரு, வர ஏழு ஆகும். ஒனக்கு அப்ப லஞ்ச் டைம்தான். நான் போன பக்கத்துலயே வச்சிருப்பேன்.

அம்மா